ஒரு நோட்டீஸ், நாலு போட்டோ, ஒரு "தவிர"



ரொம்ப நாளாயிற்று நீளமாக எழுதி. கண் ஆபரேஷனுக்குப் பிறகு போனில் அதிக நேரம் பார்க்கக் கூடாது என்று மகள் கட்டளை. ஆனால் இதை எழுதியே ஆக வேண்டும். உங்களில் பாதிப் பேர் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள், சிலர் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். இரண்டு பேருக்கும் உதவும்.

கடந்த ஜூன் மாதம் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் நாலு போட்டோ வந்தது. அனுப்பியவள் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த மாணவி. பேர் வேண்டாம். இப்போது பாளையங்கோட்டையில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாள், முன் அறையில் இரண்டு தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். போட்டோவுக்குக் கீழே ஒரே வரி: "சார், வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கு. இங்கிலீஷ்ல இருக்கு. பதினெட்டாம் தேதிக்குள்ள காலி பண்ணலைன்னா ஒரு நாளைக்கு அய்யாயிரத்து ஒரு ரூவாயாம். என்ன செய்யன்னு தெரியல."

உடனே போன் போட்டேன். பக்கத்து வீட்டில் கல்லூரிக்குப் போகும் ஒரு பையன் படித்துச் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டதிலிருந்து இரண்டு பேரும் சாப்பிடவில்லை. மெஷினை அம்பாசமுத்திரத்தில் அண்ணன் வீட்டில் கொண்டு போய் வைக்கலாமா என்று பேச்சு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம்தான் ஆகிறது.

"நான் எழுத்தெழுத்தா தமிழ்ல எழுதித் தாரேன். அது வரைக்கும் ஒரு சாமானையும் தூக்காதீங்க" என்றேன். முப்பத்து நாலு வருஷம் இங்கிலீஷ் பாடம் நடத்தியவன். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், முதல் அரை மணி நேரம் என்னாலும் முடியவில்லை.

காரணம் அந்தப் போட்டோக்கள். டியூப்லைட் வெளிச்சத்தில், கையில் பிடித்தபடி எடுத்தவை. இரண்டாம் பக்கத்தின் கீழ் மூலையில் கட்டைவிரல் நிற்கிறது. மூன்றாம் பக்கத்தின் மடிப்பில் ஒரு வரி அப்படியே விழுங்கப்பட்டுவிட்டது. அதனால் மறுநாள் காலை அவளிடம் நாலு காரியம் சொன்னேன். நோட்டீஸைத் தரையில் விரித்து, வாசல் வெளிச்சத்தில், நாலு மூலையும் தெரியும்படி ஒவ்வொரு பக்கமாக எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அது படத்தைச் சுருக்கி எழுத்தை மங்கலாக்கிவிடும். நோட்டீஸ் வந்த கவரை இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும். கடைசியாக, வீட்டுக்கு வரும்போது போட்ட வாடகை ஒப்பந்தத்தையும் அனுப்ப வேண்டும்.

"கவர் எதுக்கு சார்? குப்பையில போட்டுட்டேன்" என்றாள். நல்ல வேளை, குப்பைக்காரர் இன்னும் வரவில்லை.

புதுப் படங்கள் வந்ததும் முதலில் தேடியது அந்த ஐயாயிரத்து ஒன்றை. நம் ஊர் வக்கீல்கள் பணத்தை எப்படி டைப் அடிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஐந்நூறு என்று எண்ணில் போட்டு, பக்கத்தில் ஒரு சாய்கோடும் ஒரு சிறு கோடும் போடுவார்கள், யாரும் பின்னால் ஒரு எண்ணைச் சேர்த்துவிடக் கூடாது என்பதற்காக. மங்கிய படத்தில் அந்தச் சாய்கோடு ஒன்று போலவே தெரியும். பையன் 500-ஐ 5001 என்று படித்திருக்கிறான். அடைப்புக்குறிக்குள் "ருபீஸ் ஃபைவ் ஹண்ட்ரட் ஒன்லி" என்று எழுத்திலும் இருந்தது, முதல் படத்தில் மடிப்பு விழுங்கிய வரி அதுதான். சட்டக் காகிதத்தில் தொகையை எண்ணிலும் எழுத்திலும் போடுவது இதற்காகத்தான். மொழிபெயர்க்கிறவன் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும்.

கணக்கும் பொருந்தியது. வாடகை 7,500. முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 250. அதற்கு இரட்டிப்பு 500. மாத வாடகையின் இரட்டிப்பைத்தான் நாள் கணக்கில் கேட்டிருக்கிறார்கள். எண் சரியா என்று சந்தேகம் வந்தால் இப்படி வேறொரு வழியில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது தேதி. நோட்டீஸின் தலைப்பில் ஜூன் 3 என்று இருக்கிறது. அதிலிருந்து 15 நாள் எண்ணித்தான் பையன் பதினெட்டாம் தேதி என்று சொல்லிவிட்டான். ஆனால் உள்ளே இருந்த வாசகம் நோட்டீஸ் "கிடைத்த" நாளிலிருந்து 15 நாள். கவரில் தபால் முத்திரையும், தபால்காரரிடம் அவள் கையெழுத்துப் போட்ட நாளும் ஜூன் 9. கிடைத்த நாளைக் கழித்துவிட்டு எண்ணினால் ஜூன் 24. குப்பைத்தொட்டியிலிருந்து வந்த கவர் ஆறு நாளைத் திருப்பிக் கொடுத்தது. ஒரு நாளைக்கு 500 என்றால் 3,000 ரூபாய்.

இது அந்த வக்கீல் இஷ்டத்துக்குப் போட்ட 15 நாள் இல்லை. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 106-ஆவது பிரிவு, மாத வாடகைக்கு இருப்பவருக்கு 15 நாள் நோட்டீஸ் கொடுத்து வாடகையை முடிக்கலாம் என்று சொல்கிறது. அந்த 15 நாள் நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து ஓடும் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவின் தொடக்கத்தில் ஒரு நிபந்தனை உண்டு: வேறு விதமான ஒப்பந்தம் இல்லாதபோதுதான் இந்த 15 நாள். வாடகை ஒப்பந்தத்தையும் அனுப்பச் சொன்னது அதற்காகத்தான். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் தமிழில் டைப் அடித்த பதினோரு மாத ஒப்பந்தம். அதன் ஏழாவது ஷரத்து, காலி செய்வதானால் இரு தரப்பும் ஒரு மாதம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. நோட்டீஸில் 15 நாள், ஒப்பந்தத்தில் ஒரு மாதம்.

பதினோரு மாதம் எப்போதோ முடிந்து, புதுப்பிக்காமலே இவர்கள் இருந்து வருகிறார்கள். பழைய ஷரத்து இன்னும் செல்லுமா என்பது வக்கீல் சொல்ல வேண்டிய விஷயம். அதை நான் தீர்மானிக்கக் கூடாது. என் மொழிபெயர்ப்பில் இரண்டையும் இருக்கிறபடியே எழுதி, கீழே தனியாக, "நோட்டீஸுக்கும் ஒப்பந்தத்துக்கும் இந்த இடத்தில் வித்தியாசம் இருக்கிறது, வக்கீலிடம் கேட்கவும்" என்று ஒரு குறிப்பு மட்டும் போட்டேன்.

இனி அட்வான்ஸ். 60,000 ரூபாய், எட்டு மாத வாடகை. அதைப் பற்றி நோட்டீஸில் ஒரு நீண்ட வாக்கியம், எட்டு வரிக்கு ஒரே ஒரு முற்றுப்புள்ளி. வாடகைப் பாக்கி, கரண்ட் பில், வீட்டுக்கு ஏற்பட்ட சேதம் ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு, வீட்டையும் சாவியையும் ஒப்படைத்த 30 நாளுக்குள் மீதி திருப்பித் தரப்படும் என்பது அதன் சாரம். நடுவில் "ஃபேர் வேர் அண்ட் டேர் எக்ஸெப்டட்" என்று நாலைந்து சொல். நான் அதை இப்படி எழுதினேன்: "சாதாரணத் தேய்மானம் தவிர, சேதத்துக்கான செலவைக் கழித்துக்கொண்டு..."

எழுதி முடித்து, எழுத்துப் பிழை பார்த்து, பெருமையாக அனுப்பினேன். சாயங்காலம் அவளே வீட்டுக்கு வந்தாள். "நான் எழுதினதை நீ எனக்கு வாசிச்சு, உனக்கு என்ன விளங்குச்சுன்னு சொல்லு" என்றேன். பள்ளிக்கூடத்தில் நான் செய்ததுதான். அந்த வரியில் வந்து நின்றாள்.

"அப்போ தேய்மானத்துக்கும் புடிப்பாங்க, அது தவிர சேதத்துக்கும் புடிப்பாங்களா சார்? சுவரு பூரா காரை பேந்திருக்கு. பெயின்ட் அடிக்க இருபதாயிரம் ஆகும்னு வீட்டுக்காரங்க போன வருஷமே சொன்னாங்களே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் வாசித்ததில் பிழை இல்லை. நம் "தவிர" என்ற சொல்லுக்கு இரண்டு முகம். "ராமனைத் தவிர எல்லாரும் வந்தார்கள்" என்றால் ராமன் வரவில்லை. "சம்பளம் தவிர போனஸும் உண்டு" என்றால் சம்பளமும் உண்டு. நான் முதல் பொருளில் எழுதினேன், அவள் இரண்டாம் பொருளில் எடுத்துக்கொண்டாள். நோட்டீஸ் சொன்னதற்கு நேர் எதிரான பொருள், என் தமிழால் வந்தது. பயந்திருக்கிற மனுஷிக்கு எந்தப் பொருள் முதலில் கண்ணில் படும்? மோசமானதுதானே.

அந்த எட்டு வரியை உடைத்து மூன்று வாக்கியமாக எழுதினேன். "குடியிருந்தால் இயல்பாக உண்டாகும் தேய்மானத்துக்கு, அதாவது சுண்ணாம்பு மங்குவது, தரை தேய்வது போன்றவற்றுக்கு, பணம் பிடிக்கப்படாது. அதற்கு மேல் உண்டான சேதத்துக்கு மட்டும் பிடிக்கப்படும். சேதம், வாடகைப் பாக்கி, கரண்ட் பில் போக மீதி, சாவி ஒப்படைத்த 30 நாளுக்குள் தரப்படும்." சுண்ணாம்பும் தரையும் மூலத்தில் இல்லை, விளக்கத்துக்காக நான் சேர்த்தது. அதனால் அதை அடைப்புக்குறிக்குள் போட்டு, "இது என் விளக்கம்" என்றும் எழுதிவிட்டேன். மூலத்தில் இருப்பது எது, நாம் சொல்வது எது என்று வாசிக்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

வாசித்துக் காட்டியதில் இன்னொன்றும் வெளியே வந்தது. ஜூன் மாத வாடகையை அவள் கொடுக்கவில்லை. வழக்கமாகப் பத்தாம் தேதி கொடுப்பாள். ஒன்பதாம் தேதி நோட்டீஸ் வந்ததும், "காலி பண்ணத்தானே சொல்லுதாங்க, அட்வான்ஸ்ல கழிச்சுக்கட்டும்" என்று கணவர் சொல்லிவிட்டார். நம் ஊரில் எல்லாரும் செய்கிறதுதான். ஆனால் நோட்டீஸின் ஆறாவது பத்தியில், வாடகையை அட்வான்ஸில் கழிக்க உரிமை இல்லை என்று தெளிவாக இருந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, இரண்டு மாத வாடகையைப் பாக்கி வைத்து, கேட்டு நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால், அதுவே வெளியேற்றக் கேட்பதற்கு ஒரு காரணம். பாக்கி இல்லாத குடித்தனக்காரர் தன் கையாலேயே பாக்கிக்காரர் ஆகிவிடுகிறார். அன்றைக்கே என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனில் 7,500-ஐ அனுப்பினாள். "ஜூன் மாத வாடகை" என்று குறிப்பும் போடச் சொன்னேன்.

கடைசிப் பத்திதான் அவர்களைத் தூங்கவிடாமல் செய்தது. கெடுவுக்குள் காலி செய்யாவிட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய், அதோடு அட்வான்ஸ் "ஷல் ஸ்டாண்ட் ஃபர்ஃபீட்டட்". அகராதியைப் பார்த்தால் "பறிமுதல் செய்யப்படும்" என்று வரும். அந்தச் சொல்லை நான் போடவில்லை. பறிமுதல் என்றால் நம் காதில் போலீஸும் தாசில்தாரும்தான் வருவார்கள். இங்கே பேசுவது அரசாங்கம் இல்லை, வீட்டுக்காரரின் வக்கீல். அதனால் "அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டோம் என்று நோட்டீஸ் கூறுகிறது" என்று எழுதினேன். "என்று நோட்டீஸ் கூறுகிறது" என்பதை ஒவ்வொரு பத்தியிலும் விடாமல் போட்டேன். நோட்டீஸ் ஒரு தரப்பின் கோரிக்கை. நீதிமன்ற உத்தரவு இல்லை. இங்கிலீஷில் இருக்கிற "ஷல்" என்ற சொல் இரண்டிலும் ஒரே அதிகாரத்தோடு நிற்கும். தமிழுக்கு வரும்போது அந்த வித்தியாசத்தைக் காட்டாவிட்டால், மிரட்டலைத் தீர்ப்பாக்கி விடுவோம்.

1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, தண்டத் தொகை என்று எவ்வளவு எழுதி வைத்திருந்தாலும், அதற்கு மேற்படாமல் நியாயமான ஈட்டுத் தொகைதான் கிடைக்கும் என்கிறது. எழுதியதெல்லாம் தானாகக் கைக்கு வந்துவிடாது. அதே சமயம் வெறும் மிரட்டல் என்று தள்ளிவிடவும் கூடாது. வாடகை முடிந்த பிறகும் ஒருவர் இருந்துகொண்டே இருந்தால் ஈட்டுத் தொகை கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு.

இதற்கிடையில் அவள் கணவர் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, காலி செய்யாவிட்டால் முதல் இரண்டு மாதம் இரட்டிப்பு, அப்புறம் நாலு மடங்கு என்று ஒருவர் ஆவேசமாகப் பேசுகிறார். அது 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம். மாதிரி என்றால் மாதிரிதான், மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால்தான் செல்லும். நமக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. அதில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகை, ஆனால் ஒப்பந்தத்தில் வேறாக எழுதியிருந்தால் அது போகும். காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிக்க வேண்டியதைக் கழித்து மீதியைத் தர வேண்டும். வெளியேற்ற வேண்டுமானால் சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றைக் காட்டி வாடகை நீதிமன்றத்தில் உத்தரவு வாங்க வேண்டும்.

இதைப் பேசும்போது என் தம்பி மகன் கேட்டான், "மாஞ்சோலைக்காரங்களுக்கு மட்டும் ஏன் பெரியப்பா இது பொருந்தல?" நல்ல கேள்வி. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த மலை அது. 2024-இல் தோட்டத் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து, குடியிருப்புகளைக் காலி செய்யச் சொன்னார்கள். தொகையில் ஒரு பகுதி வீட்டை ஒப்படைத்த பிறகுதான் என்று நிபந்தனை. மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை வழக்குப் போனது. தலைமுறையாக இருந்தாலும் அது வேலையோடு சேர்ந்து வந்த வீடு. வாடகை ஒப்பந்தம் கிடையாது. ஆகவே ஒரு காகிதம் கைக்கு வந்தால், அது வாடகையா, வேலையோடு வந்த குடியிருப்பா, போக்கியமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதைப் பொறுத்துச் சட்டமே மாறிவிடும்.

மறுநாள் என் மொழிபெயர்ப்பையும், மூலத்தையும், கவரையும், ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. தேசிய உதவி எண் 15100. அங்கே கொடுத்த வக்கீல் அம்மா என் தமிழைப் படித்துவிட்டு, "பத்தி எண்ணை அப்படியே போட்டிருக்கீங்க சார், மூலத்தோட வச்சுப் பார்க்க ஈசியா இருக்கு" என்றார். எனக்கு அந்த வயதிலும் வெட்கம் வந்தது. ஒப்பந்தத்தின் ஒரு மாத ஷரத்தைச் சொல்லி, வாடகை பாக்கி இல்லை என்பதைச் சொல்லி, பதிவுத் தபாலில் பதில் போனது.

வீட்டுக்காரரும் கெட்டவர் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து மகள் குடும்பத்தோடு திரும்பி வருகிறாள், அவளுக்கு வீடு வேண்டும். நேரில் சொல்லத் தயங்கி வக்கீலிடம் போயிருக்கிறார். உட்கார்ந்து பேசினார்கள். ஆகஸ்ட் 31 வரை அவகாசம், அதுவரை மாதா மாதம் வாடகை, தண்டம் கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அவளும் இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்துவிட்டாள். காலி செய்த அன்று ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து, மீட்டர் ரீடிங்கையும் எடுத்து, சாவி வாங்கிக்கொண்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்தும் வாங்கினாள். செப்டம்பர் கடைசியில் பணம் வந்தது. கரண்ட் பில் 1,150, உடைந்த வாஷ்பேசின் 1,800 போக 57,050. பெயின்டுக்குப் பிடிக்கவில்லை.

பணம் வந்த அன்று இருட்டுக்கடை அல்வா அரைக் கிலோவோடு வந்தாள். "சார், அந்தத் தவிரயை நீங்க மாத்தி எழுதலைன்னா, பெயின்ட் காசை நானே புடிச்சுக்கிடச் சொல்லியிருப்பேன்" என்றாள். எட்டாம் வகுப்பில் அவளுக்கு நான் மொழிபெயர்ப்புப் பயிற்சியில் பத்துக்கு நாலு போட்டிருக்கிறேன். அதை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு காகிதம் வந்தால், கவரைக் குப்பையில் போடாதீர்கள். யாரிடம் படிக்கக் கொடுத்தாலும், அவர் சொன்னதை நீங்கள் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். என்னிடம் அனுப்பலாம், பகலில் எடுத்து அனுப்புங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் என்றால் மகள் போனை வாங்கி வைத்துவிடுவாள்.

அன்புடன்,
உங்கள் இங்கிலீஷ் சார்